பதினான்கு நாளும் ஏழு கிலோவும்

தை பிறந்துவிட்டால் தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஊர்ப் பயணத்தைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடும். ஒரு கலியாணம், அதையொட்டி இரண்டு கோயில்கள், நெடுநாளாக எண்ணியிருந்த ஒரு மலைவாசம், இடையே அலுவலகத்தார் ஒப்படைத்த ஏதேனும் ஒரு சிறு வேலை. ஆக இரண்டு வாரங்கள். முன்னாளில் இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து, பெட்டியும் படுக்கையும் கூஜாவுமாகப் போய் இறங்கினோம். பெட்டி எத்தனை என்று கேட்பார் இல்லை. இன்றோ ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் சென்னையை அடைகிறோம். ஆனால் வாயிலிலேயே தராசு காத்திருக்கிறது. பதிவுப் பெட்டி இல்லாத பயணச்சீட்டைச் சில விமானக் குழுமங்கள் குறைந்த விலைக்கு விற்கின்றன. அதனை வாங்கியவர் கையில் எடுத்துச் செல்லும் ஒரே பையோடுதான் ஏற வேண்டும்.

உள்நாட்டு விமானங்களில் அப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ எடையே வரம்பு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. இதோடு தோளில் மாட்டும் ஒரு சிறு பையையும் அனுமதிக்கிறார்கள். குழுமத்திற்குக் குழுமம் சிறு வேறுபாடுகள் உண்டாதலின், பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பதை முதலில் படித்துக் கொள்வது நலம்.

ஏழு கிலோவில் பதினான்கு நாளுக்கு உரிய உடைகள் அடங்குமா? அடங்கும். ஆனால் பதினான்கு என்ற எண்ணை முதலில் மறந்துவிட வேண்டும். எத்தனை நாள் வெளியூரில் இருக்கப் போகிறோம் என்பது உடைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில்லை. ஒரு முறை துணி துவைத்து உலர்த்திய இடத்திற்கும் அடுத்த முறை உலர்த்தக்கூடிய இடத்திற்கும் இடையே எத்தனை நாள் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. மேனாட்டார் ‘கேப்ஸ்யூல் வார்ட்ரோப்’ என்று பெயரிட்டு அழைக்கும் சிறு உடைத்தொகுதியின் உட்பொருள் இரண்டே: சில உடைகள் தம்முள் இணைந்து பல உடைகளாக வேண்டும், அவை உரிய நேரத்தில் உலரவும் வேண்டும். முதற் பாதியைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். நம் பயணங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாம் பாதிதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

பயணத்தின் வரைபடம்

ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் ஒரு தம்பதியர் என்று வைத்துக் கொள்வோம். இருவரும் உத்தியோகத்தில் உள்ளவர்கள். தை மாதத்தில் முதல் நாள் தில்லியில் விமானமேறிச் சென்னையில் உறவினர் வீட்டில் இறங்குகிறார்கள். இரண்டாம் நாள் அம்மையாருக்குத் தம் அலுவலகத்தின் சென்னைக் கிளையில் ஒரு கூட்டம். மூன்றாம் நாள் ரயிலில் கும்பகோணம். நான்காம் நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு, ஐந்தாம் நாள் காலை முகூர்த்தம். ஆறாம் நாள் ஓய்வு. ஏழாம் நாள் சுவாமிமலையும் தாராசுரமும். எட்டாம் நாள் இராமேசுவரத்திற்குப் பயணம்; ஒன்பதாம் நாள் தீர்த்தமாடல். பத்தாம் நாள் மதுரை. பதினொன்றும் பன்னிரண்டும் கொடைக்கானல். பதின்மூன்றாம் நாள் மதுரைக்கு இறங்கி, மறுநாள் அங்கே விமானமேறிச் சென்னையில் மாறித் தில்லி திரும்புகிறார்கள்.

இந்த வரைபடத்தில் துவைத்து உலர்த்தத்தக்க நாட்களை மட்டும் குறித்துக் கொள்வோம். இரண்டாம் நாள் மாலை சென்னையில் சிறு துணிகளை அலசிப் போடலாம். ஆறாம் நாள் கும்பகோணத்து வீட்டின் மொட்டை மாடியில் நல்ல வெயில் கிடைக்கும், பெருந்துவையல் அன்றுதான். ஒன்பதாம் நாள் இராமேசுவரத்தில் பகல் முழுதும் காற்றும் வெயிலும் உண்டு. பதின்மூன்றாம் நாள் மதுரை. இவற்றிடையே மிக நீண்ட இடைவெளி நான்கு நாட்கள். ஆகவே உள்ளாடைகள் ஐந்து செட்டு போதும். நான்கு இடைவெளிக்கு, ஒன்று தவறுதலுக்கு. பதினான்கு செட்டு எடுத்து வைப்பவர் ஏறக்குறைய முக்கால் கிலோவை வீணாகச் சுமக்கிறார்.

கொடைக்கானலை இப்பட்டியலில் சேர்க்காமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே மாலையில் மேகம் இறங்கிவிட்டால் காற்றில் ஈரம் மிகுந்து, பருத்தித் துணி கொடியில் எத்தனை நேரம் கிடந்தாலும் உலராது. மலையில் துவைத்த ஒரு தடித்த பருத்திக் காற்சட்டை ஈரத்தோடே பைக்குள் திரும்பி, மற்ற துணிகளுக்கும் நாற்றத்தைப் பகிர்ந்து கொடுக்கும். மலை ஏறுமுன் துவைத்து முடிப்பது, மலையில் சோப்பைத் தொடாமல் இருப்பது, இதுவே முறை.

துணி உலர்ந்துவிட்டதா என்பதை அதன் நடுப்பகுதியைத் தொட்டு அறிய முடியாது. உள்பாவாடையாயின் நாடா செல்லும் மடிப்பையும், சட்டையாயின் கழுத்துப்பட்டையையும், ரவிக்கையாயின் கையிடுக்குத் தையலையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அவ்விடம் குளிர்ச்சியாக இருந்தால் ஈரம் எஞ்சியிருக்கிறது. மாலையில் துவைத்து மறுநாட்காலை புறப்பட வேண்டியிருந்தால், பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின் மேல் பரப்பி, பாய் சுருட்டுவது போல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, முறுக்கி அழுத்துக. துண்டு ஈரத்தை வாங்கிக் கொள்ளும். கொடியில் தொங்க வேண்டிய நேரம் வெகுவாகக் குறையும். இதற்கும் குளிப்பதற்கும் மெல்லிய ஈரிழைத் துண்டே உகந்தது. அது 130 கிராம் இருக்கும். பஞ்சு போன்ற தடித்த துவாலையோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ளது, உலரவும் ஒரு நாள் ஆகும்.

ஒரு புடவை தனியே வருவதில்லை

இனி அம்மையாரின் பையைத் திறப்போம். மிகுதியான எடை பட்டுப்புடவையில் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் எடையைப் பெருக்குவது அதன் பரிவாரம். ஒரு புடவையை எடுத்து வைத்தால் அதற்குரிய ரவிக்கை வருகிறது. அதன் நிறத்திற்கேற்ற உள்பாவாடை வருகிறது. சில சமயம் அதற்கென்றே ஒரு ஜோடிச் செருப்பும் வருகிறது. 800 கிராம் புடவை ஒன்றேகால் கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஆகவே புடவைகளைக் குறைப்பதைவிடப் பரிவாரத்தைப் பொதுவாக்குவதே சிறந்த வழி.

அம்மையார் மூன்று புடவைகளைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று, முகூர்த்தத்திற்கு அரக்கு நிறத்தில் பச்சைக் கரையிட்ட காஞ்சிப் பட்டு. இரண்டு, கரும்பச்சையில் அரக்குக் கரையிட்ட மெல்லிய பட்டு. இது 450 கிராமுக்கு மேல் போகாது. மூன்று, அரக்கு நிறத்தில் வெண்புள்ளிகள் இட்ட மதுரைச் சுங்குடி. மூன்றும் அடர்ந்த நிறம் ஆதலால், அரக்கு நிற உள்பாவாடை எதற்கும் பொருந்தும், வெளியே தெரியாது. இவற்றுள் ஒன்று சந்தன நிறமாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால், அடியில் அரக்குப் பாவாடை நிழலாகத் தெரியும். அதற்கெனத் தனிப் பாவாடை வேண்டியிருக்கும். நிறத்தேர்வு அழகுக்காக மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

ரவிக்கைகளும் மூன்றே. ஜரிகை வேலைப்பாடுள்ள அரக்கு ஒன்று, பச்சைப் பட்டு ஒன்று, வேலைப்பாடற்ற அரக்குப் பருத்தி ஒன்று. கூட்டத்திற்குப் பச்சைப் பட்டோடு பருத்தி ரவிக்கை அணிந்தால் அடக்கமான அலுவலகத் தோற்றம். இரண்டு நாள் கழித்து வரவேற்பில் அதே புடவையோடு ஜரிகை ரவிக்கை அணிந்தால் அது கலியாண உடை. கூட்டத்தில் கண்டவர் மண்டபத்தில் இருக்கப் போவதில்லை. முகூர்த்தத்திற்குக் காஞ்சிப் பட்டும், அதன் கரைக்கு இணையான பச்சை ரவிக்கையும். கோயில்களுக்குச் சுங்குடியும் பருத்தி ரவிக்கையும். ரயிலுக்கும் மலைக்கும் மூன்று குர்த்தாக்கள். அவற்றுள் ஒன்றை அணிந்தே புறப்படுகிறார். மூன்றில் ஒன்று பாலியெஸ்டர் கலந்த துணியாக இருப்பது அவசியம். காரணம் இராமேசுவரத்தில் தெரியும்.

எடைக்கணக்கு இவ்வாறு வருகிறது. புடவைகள் மூன்றும் 1,650 கிராம், ரவிக்கைகள் 360, உள்பாவாடைகள் இரண்டு 400, பையிலுள்ள இரு குர்த்தாக்கள், ஒரு சல்வார், ஒரு துப்பட்டா ஆகியவை 660, இரவு உடை 250, உள்ளாடைகள் 400, துண்டு 130, தட்டையான தோல் செருப்பு ஒரு ஜோடி 350, சோப்பு, சீப்பு, எண்ணெய் முதலியன 450, கொடிக்கயிறும் கவ்விகளும் 150. ஆக 4,800 கிராம். புடவைக்குப் புடவை எடை மாறுபடுமாதலின், ஒவ்வொருவரும் தம் துணிகளைத் தாமே நிறுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனினும் இக்கணக்கு பெரிதும் பிழைபடாது.

இப்போது பையின் எடையைக் கூட்டுவோம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி தானே 2,800 கிராம் இருக்கும். அதில் இவற்றை வைத்தால் 7,600 கிராம், வாயிலிலேயே அபராதம். 1,200 கிராம் எடையுள்ள துணிப்பையில் வைத்தால் சரியாக 6 கிலோ. உடையில் ஒன்றையும் குறைக்காமலே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மிச்சமாகிறது. பை பழையதாயினும் மெல்லியதாயினும் தாழ்வில்லை.

அணிந்திருப்பதை யாரும் நிறுப்பதில்லை

கம்பளிச் சட்டையும் நடைக் காலணியும் மேற்கண்ட கணக்கில் ஏன் இல்லை என்று கேட்கலாம். அவை உடலில் இருக்கின்றன. தையில் தில்லி வீட்டைவிட்டு விடியலில் கிளம்பும்போது எப்படியும் கம்பளி வேண்டும். அதே கம்பளி கொடைக்கானல் இரவுக்கும் போதும். காலணியையும் அணிந்து கொண்டே புறப்படுகிறார். சென்னையில் இறங்கியதும் இரண்டும் சுமைதான். ஆனால் இடையே வருவன ரயிலும் பேருந்தும். அங்கே ஏழு கிலோக் கட்டுப்பாடு இல்லை. மடித்தால் கைக்குள் அடங்கும் ஒரு துணிப்பையில் அவற்றைப் போட்டுத் தனியே வைத்துக் கொள்ளலாம். பதினான்காம் நாள் மீண்டும் அவை உடலுக்கு ஏறிவிடும்.

கணவரின் பை இன்னும் எளிது. ஜரிகைக் கரை வேட்டியும் அங்கவஸ்திரமும் வெள்ளைச் சட்டையும் கலியாணத்திற்கு. சாதாரண வேட்டி ஒன்று தீர்த்தமாட. பையில் மூன்று சட்டைகள், ஒரு காற்சட்டை, ஒரு கைலி, நான்கு செட்டு உள்ளாடைகள், உடுத்திப் புறப்படுவது ஐந்தாவது செட்டு. இவற்றோடு துண்டு, செருப்பு, சவரச் சாமான். பையோடு சேர்த்து ஏறக்குறைய 5 கிலோ. தனியாகக் கழற்றி மாட்டும் சவர அலகையும் கத்தரிக்கோலையும் கைப்பையில் அனுமதியார். அவற்றை வீட்டிலேயே விட்டுச் செல்க.

இருவர்தம் கைத்தொலைபேசி மின்னேற்றிகளும், மருந்தும், நகைகளும் தோள்பையில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. மதுரை போன்ற ஊர்களுக்கு விசிறி பொருத்திய சிறு விமானங்களும் பறக்கின்றன. அவற்றில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. அளவு சரியாக இருந்தாலும் கைப்பையைப் படியருகே வாங்கி அடித்தட்டில் வைத்துவிடுவதுண்டு. ‘பவர் பேங்க்’ எனப்படும் மின்சேமிப்புக் கலத்தை அடித்தட்டில் வைக்கக் கூடாது. நகையை வைப்பதும் அறிவுடைமை ஆகாது. அவை முன்பே தோள்பையில் இருந்துவிட்டால், படியடியில் நின்று பையைக் கலைக்கும் சங்கடம் நேராது.

கடலும் இருபத்திரண்டு தீர்த்தமும்

இப்பயணத்தில் உடைக்குப் பெரிய சோதனை இராமேசுவரம். முதலில் அக்கினி தீர்த்தமாகிய கடலில் மூழ்கி, பின்னர் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் ஊற்றப்பெற்று, அதன் பிறகு ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடை உடுத்தியே சந்நிதிக்குச் செல்ல வேண்டும். பருத்திப் புடவையோடு மூழ்கினால் அது நீரை உறிஞ்சிப் பெருஞ்சுமையாகிவிடும், நடப்பதும் கடினம். பாலியெஸ்டர் கலந்த குர்த்தா நீரை அவ்வளவு பிடிப்பதில்லை; பிழிந்து காற்றில் இட்டால் சில மணி நேரத்தில் உலரும். கணவருக்கு மெல்லிய சாதாரண வேட்டியே போதும். உலர்ந்த சுங்குடியும், கணவரின் உடையும், துண்டுகளும் ஒரு பையில் முன்னரே தனித்து இருக்க வேண்டும்.

கடல்நீர் பட்ட துணியில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஆகவே நல்ல நீரில் அலசாமல் உலர்த்திய துணி, வெயிலில் காய்ந்தது போல் தோன்றி, இரவில் மீண்டும் பிசுபிசுத்துவிடும். கடலுக்குப் பின் தீர்த்தங்களில் ஆடும்போது உப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும். எனினும் விடுதிக்கு வந்ததும் குழாய் நீரில் இரண்டு முறை அலசிய பிறகே கொடியில் இட வேண்டும். நண்பகலுக்குள் இட்டால் மறுநாட்காலை மதுரைக்குப் புறப்படுமுன் ஐயமின்றி உலர்ந்திருக்கும். அன்றே மற்றத் துணிகளையும் துவைத்துவிடின் மலைக்குத் தூய துணிகளோடு ஏறலாம்.

பட்டுப் புடவைகளைப் பயணத்தில் நனைக்கவே வேண்டாம். மண்டபத்திலிருந்து திரும்பியதும் நேரே மடித்து வைக்காமல், நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விரித்து, வியர்வை ஈரம் போன பின், முன்பிருந்த மடிப்புக் கோட்டைத் தவிர்த்து மடிக்க வேண்டும். ஒரே கோட்டில் மடிந்து கொண்டே இருந்தால் ஜரிகை அவ்விடத்தில் முறியும். நெகிழித் தாளில் சுற்றாமல் மெல்லிய வேட்டியில் சுற்றிப் பையின் அடியில் தட்டையாக வைத்தால், கசங்காமல் தில்லி வந்து சேரும்.

திரும்பும் பை

ஊருக்குப் போகும் பையை மட்டும் எடை போட்டுவிட்டு நிம்மதி அடைபவர்கள், திரும்பும்போது மதுரை விமான நிலையத்தில் திகைக்கிறார்கள். கலியாண வீட்டில் வெற்றிலைபாக்கோடு ஒரு புடவையும் ஒரு வேட்டியும் வைத்துக் கொடுப்பார்கள். அம்மாவோ அத்தையோ முறுக்கும் வடகமும் கட்டித் தருவார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய பொருள்கள் அல்ல இவை. ஆகவே புறப்படும்போதே அம்மையார் பையில் ஒரு கிலோவும் கணவர் பையில் இரண்டு கிலோவும் காலியாக இருப்பதை, ‘இன்னும் ஒரு புடவை வைக்கலாமே’ என்ற அழைப்பாகக் கொள்ளலாகாது. அது ஊர் தரப்போவதற்கு உரிய இடம். ஊறுகாயும் கொப்பரைத் தேங்காயும் கைப்பையில் அனுமதிக்கப்படுவதில்லை என்பதைக் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதுகாப்புச் சோதனையில் அவற்றை இழக்கும் வருத்தம் இராது.

வீட்டில் எடை பார்க்க, ஆள் நிறுக்கும் தராசில் முதலில் தாம் நின்று, பிறகு பையோடு நின்று, முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் போதும். அத்தகைய தராசுகளில் அரைக் கிலோ பிழை இருக்கக்கூடும். ஆதலால் திரும்பும் நாளிலும் பை 6½ கிலோவைத் தாண்டாமல் பார்த்துக் கொள்வது நல்லது.

இம்முறை எல்லாப் பயணத்திற்கும் பொருந்தும் என்று நாம் கூற வரவில்லை. பெண்ணையோ பிள்ளையையோ மணமேடையில் வைத்திருக்கும் பெற்றோருக்கு, சடங்குக்குச் சடங்கு மாற்றும் புடவைகளும் சீர்வரிசையும் உண்டு. அவர்கள் பதிவுப் பெட்டிக்குப் பணம் கட்டுவதே சரி. மடிசார் உடுத்த வேண்டியவர், ஒன்பது கெஜப் புடவையைச் சுமக்காமல் ஊரிலுள்ள தமக்கையிடமோ மன்னியிடமோ ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது பருவம். மேலே போட்ட கணக்கு முழுவதும் தை மாத வெயிலை நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது, கும்பகோணத்து மொட்டை மாடியிலும் துணி உலராது. அப்போது துவைக்கும் நாட்கள் நான்கும் இரண்டாகச் சுருங்கிவிடும். பருத்திச் சல்வாரையும் ஒரு குர்த்தாவையும் விரைவில் உலரும் துணியாக மாற்றிக்கொண்டு, உள்ளாடையில் மூன்று செட்டு கூட்டிக் கொள்ள வேண்டும். ஏறக்குறைய கால் கிலோ கூடும். அம்மையாரின் பையில் விட்டு வைத்த ஒரு கிலோவில் அதற்கும் இடம் உண்டு.